95 குறி, ரெண்டு எஸ்எம்எஸ்: தமிழ் மட்டும் ஏன் சீக்கிரம் நிரம்புது?

இந்த எபிசோடை ஒரு குறுஞ்செய்தியோட ஆரம்பிக்கிறேன். நானே எழுதின மாதிரிச் செய்திதான். ஆனா டெல்டா பக்கம் அறுவடை சமயத்துல இருந்தவங்களுக்கு விஷயம் புதுசா இருக்காது.

```
பட்டுக்கோட்டை கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லாததால் நாளை நெல் மூட்டைகளைக் கொண்டு வர வேண்டாம்.
```

இதையே தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிற நம்ம வழக்கப்படி எழுதினா இப்படி வரும்:

```
Pattukkottai kolmuthal nilayathil saakku illathathal naalai nel moottaigalai kondu vara vendam.
```

ரெண்டையும் கம்ப்யூட்டர் எண்ணுற மாதிரி எண்ணிப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்துல இடைவெளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து 95. தமிழ்லயும் சரியா 95. நான் திட்டம் போட்டு எழுதல, தற்செயலா அமைஞ்சது. எண்ணிக்கை ஒண்ணுதான். ஆனா இங்கிலீஷ் எழுத்துல அடிச்சது ஒரே எஸ்எம்எஸ்ல போய், இன்னும் 65 எழுத்துக்கு இடம் மிச்சம் இருக்கும். தமிழ்ல அடிச்சது ரெண்டு எஸ்எம்எஸ்ஸா உடையும். உடையுற இடம் எது தெரியுமா? "நாளை நெல் மூட". அவ்வளவுதான் முதல் பாதி. "வர வேண்டாம்"ங்கிறது ரெண்டாவது பாதியில இருக்கு.

இங்கிலீஷ்ல "do not bring" முன்னாடியே வந்துடலாம். தமிழ்ல வினைமுற்று கடைசியிலதான் உட்காரும். வரணுமா, வர வேண்டாமாங்கிற முடிவு வாக்கியத்தோட வால்ல இருக்கு. அந்த வால் லேட்டா வந்தாலோ, வராமலே போனாலோ, முதல் பாதியை மட்டும் படிச்சவருக்கு டிராக்டர் வாடகைக்குப் பேசுறதா வேண்டாமானு தெரியாது. மூட்டையை ஏத்திட்டுப் போய் நிலையத்து வாசல்ல இறக்கி வச்சு, ராத்திரி மழை பிடிச்சா, நெல்லோட ஈரப்பதம் ஏறும். 17 சதவீதத்துக்கு மேல போனா, அரசு தளர்வு கொடுத்தாலொழிய எடுக்க மாட்டாங்க. 28 குறி தாமதமா வந்ததுக்கு இவ்வளவு விலை.

இந்த உடைசல் எங்கேருந்து வந்ததுங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

1985-க்குப் போவோம். ஜெர்மனியில பான் நகரம். ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட்னு ஒரு பொறியாளர். ஐரோப்பா முழுக்க ஒரே மொபைல் தரம் வேணும்னு ஜி.எஸ்.எம். குழு வேலை பார்த்துக்கிட்டிருந்த காலம். போன் கால் இல்லாத நேரத்துலயும் போனும் டவரும் சின்னச் சின்ன கட்டுப்பாட்டுத் தகவல்களைப் பேசிக்கிட்டே இருக்கும். அந்த வழியில கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. அதுல எழுத்தை அனுப்பினா என்னங்கிறதுதான் எஸ்எம்எஸ்ஸுக்கு மூலம். புதுசா சாலை போடல, ஏற்கெனவே ஓடுற பஸ்ல காலியா இருந்த சீட்ல உட்கார வச்சாங்க.

சீட் சின்னது, 140 பைட். அதுல எத்தனை எழுத்து வச்சா மனுஷனுக்குப் போதும்? ஹில்லெப்ராண்ட் வீட்டுல டைப்ரைட்டர் முன்னாடி உட்கார்ந்து மனசுல தோணின வாக்கியங்களையும் கேள்விகளையும் அடிச்சு எண்ணிப் பார்த்தாராம். அநேகமா எல்லாமே 160-க்குள்ள அடங்கிடுச்சு. தபால் அட்டைகளையும் டெலக்ஸ் செய்திகளையும்கூட ஒப்பிட்டுப் பார்த்துட்டு 160 போதும்னு முடிவு பண்ணாங்க. 1992 டிசம்பர் 3-ம் தேதி இங்கிலாந்துல நீல் பாப்வொர்த் அனுப்பின முதல் எஸ்எம்எஸ் கிறிஸ்துமஸ் வாழ்த்து. ரெண்டே சொல்.

140 பைட்ல 160 எழுத்து எப்படி? ஒரு பைட்டுக்கு 8 பிட். மொத்தம் 1120 பிட். ஒவ்வொரு எழுத்தையும் 8 பிட்ல வைக்காம 7 பிட்ல வச்சாங்க. 1120-ஐ 7-ஆல வகுத்தா 160. ஆனா 7 பிட்ல 128 விதமான எழுத்துக்குத்தான் இடம். அந்த 128-க்குள்ள யாரைச் சேர்க்கிறதுங்கிறது ஐரோப்பாவோட முடிவு. இங்கிலீஷ், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்காண்டிநேவிய எழுத்துங்க வந்தாச்சு. கிரேக்கத்துக்குக்கூட பத்துப் பெரிய எழுத்து கொடுத்தாங்க. மத்த கிரேக்கப் பெரிய எழுத்துங்க ரோமன் எழுத்து மாதிரியே இருக்கிறதால அதையே வச்சு ஒப்பேத்திக்கலாம்னு கணக்கு. டைப்ரைட்டர் முன்னாடி எண்ணப்பட்ட அந்தப் பட்டியல்ல தமிழுக்கு இடமே இல்லை. சதி ஒண்ணும் கிடையாது. மேசையில அந்தக் கேள்வியே வரல.

பிறகு 1990-கள்ல, பட்டியல்ல இல்லாத எழுத்துங்களுக்கு ஒரு பின்வாசல் திறந்தாங்க. யூசிஎஸ்-2. உலகத்து எழுத்து எதுவா இருந்தாலும் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட். 1120-ஐ 16-ஆல வகுத்தா 70. நம்ம வரம்பு அங்கேருந்து வந்ததுதான்.

இதுல ஒரு விதி இருக்கு. ஒரு செய்தி முழுக்க ஒரே முறையிலதான் போகும். 150 எழுத்து இங்கிலீஷ்ல அடிச்சு கடைசியில "நன்றி"ன்னு ஒரே சொல் தமிழ்ல சேர்த்தா, மொத்தச் செய்தியும் 16 பிட்டுக்குத் தாவிடும். 160-னு எண்ணிக்கிட்டிருந்த கவுண்டர் திடீர்னு 70-க்கு மாறுறதைப் பார்த்திருப்பீங்க. தமிழ்தான் வேணும்னு இல்லை. நம்ம ரூபாய்க் குறி ₹ போதும். 2010-ல வந்த அந்தக் குறியும் அந்த 128-ல கிடையாது. `Rs.`னு அடிச்சா 160, ₹ போட்டா 70.

இப்போ "70 எழுத்து"னு சொன்னேன்ல, தமிழுக்கு அதுவும் 70 எழுத்து இல்லை. யூனிகோட்ல தமிழை எழுத்தா வைக்கல, துண்டா வச்சிருக்காங்க. அகர மெய் ஒரு குறி, புள்ளி தனிக் குறி, கொம்பு, கால், கொக்கி எல்லாம் தனித்தனிக் குறி. பட்டுக்கோட்டையை எடுத்துக்குவோம். ப, ட், டு, க், கோ, ட், டை. பள்ளிக்கூடத்துக் கணக்குல 7 எழுத்து. யூனிகோட் கணக்குல ப ஒண்ணு, மத்த ஆறும் ரெண்டு ரெண்டு, ஆக 13 குறி. `Pattukkottai`னு இங்கிலீஷ்ல அடிச்சா 12 தட்டு, ஒவ்வொண்ணும் 7 பிட், மொத்தம் 84 பிட். தமிழ்ல 13 தடவை 16, 208 பிட். ஊர்ப் பேரை ஊர்க்காரன் எழுத்துல எழுத ரெண்டரை மடங்கு இடம்.

நம்ம மாதிரிச் செய்தியை நம்ம இலக்கணப்படி எண்ணினா 46 எழுத்து, 10 இடைவெளி, ஒரு முற்றுப்புள்ளி. 57. ஒரு எழுத்துக்கு ஒரு குறின்னு இருந்திருந்தா 70-க்குள்ள சுகமா அடங்கியிருக்கும். அப்படி ஒரு முறை காகிதத்துல இருக்கவும் இருக்கு. டேஸ்-16னு பேரு. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண். 2010-ல தமிழ்நாடு அரசு யூனிகோடோட சேர்த்து அதையும் ஒரு தரமா ஏத்துக்கிச்சு. ஆனா அது உட்கார்ந்திருக்கிறது யூனிகோட்ல யாரும் எதுக்கும் பயன்படுத்திக்கலாம்னு விட்டிருக்கிற புறம்போக்குப் பகுதியில. எதிர்ப்பக்கம் இருக்கிற போன்ல அதுக்கான எழுத்துரு இல்லைன்னா வெறும் கட்டம் கட்டமாத் தெரியும். அதனால எஸ்எம்எஸ்ஸுக்கு அது உதவல.

சரி, 70-ஐத் தாண்டினா என்ன ஆகுது? செய்தியை வெட்டணும். வெட்டின துண்டுகளை மறுபக்கம் ஒட்டணும். ஒட்டுறதுக்கு அடையாளம் வேணும். அந்த அடையாளமும் அதே 140 பைட்டுக்குள்ளதான் இருந்தாகணும். ஒவ்வொரு துண்டோட தலையிலயும் 6 பைட் சீட்டு ஒண்ணு ஒட்டுவாங்க:

```
05 00 03 A7 02 01
```

முதல் மூணும் "இது துண்டுச் செய்தி"ன்னு சொல்ற சம்பிரதாயம். `A7` இந்தச் செய்திக்கான அடையாள எண். `02` மொத்தம் ரெண்டு துண்டு. `01` இது முதல் துண்டு. ரேஷன் கடை டோக்கன் மாதிரி. 140-ல 6 போனா 134. அதனாலதான் துண்டாப் போகும்போது இங்கிலீஷ்ல 160 இல்ல, 153. தமிழ்ல 70 இல்ல, 67. 71 குறி அடிச்சா 70-உம் 1-உம் ஆகப் போகாது, 67-உம் 4-உம் ஆகப் போகும்.

நம்ம செய்தியில 67-வது குறி எங்க விழுதுன்னு விரல் விட்டு எண்ணினேன். "மூட்டைகளை"ங்கிற சொல்லுல ட-வுக்கும் அதோட புள்ளிக்கும் நடுவுல. முதல் துண்டு "மூட"ன்னு முடியுது. ரெண்டாவது துண்டு அனாதையா ஒரு புள்ளியோட ஆரம்பிக்குது. போன் ஒழுங்கா ஒட்டினா இது நம்ம கண்ணுக்கே தெரியாது. ஒட்டாம தனித்தனியாக் காட்டினா, ரெண்டாவது செய்தி ஆரம்பத்துல புள்ளி வட்டம் ஒண்ணு வரும், அது மேல புள்ளி. இப்படி: ◌்டைகளைக் கொண்டு வர வேண்டாம். எங்கயாவது ஒரு தமிழ்ச் செய்தி இந்தப் புள்ளி வட்டத்தோட ஆரம்பிச்சா, இன்னொரு துண்டு எங்கயோ இருக்குன்னு அர்த்தம். ரொம்ப நம்பகமான அறிகுறி. இங்கிலீஷ்ல இந்தத் துப்பு கிடைக்காது. அங்க சொல் உடையும், எழுத்து உடையாது. "மூட"ன்னு முடியறதுல இன்னொரு கொடுமை என்னன்னா, அதுவும் ஒரு சொல்தான். "நெல் மூட"ன்னா தார்ப்பாய் போட்டு மூடச் சொல்றாங்கன்னுகூட ஒருத்தர் எடுத்துக்கலாம்.

துண்டுங்க ஏன் வரிசை மாறி வருது? நெட்வொர்க்கைப் பொறுத்தவரை இது ஒரு செய்தியே இல்லை. ரெண்டு தனிச் செய்தி. தலையில இருக்கிற சீட்டைப் படிக்க வேண்டியது வாங்குற போனோட வேலை. நடுவுல இருக்கிற எஸ்எம்எஸ் மையம் ஒவ்வொண்ணையும் வாங்கி வச்சு, போன் கிடைச்சா கொடுக்கும். கிடைக்கலைன்னா கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி முயற்சி பண்ணும். முதல் துண்டைக் கொடுக்கப் போகும்போது சிக்னல் இல்லை, ரெண்டாவதைக் கொடுக்கும்போது சிக்னல் வந்துடுச்சுன்னா ரெண்டாவது முந்திக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனிக் காலக்கெடு வேற உண்டு. கெடு முடிஞ்சா தூக்கிப் போட்டுடும். 2018 நவம்பர் 16 அதிகாலையில கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்ச்ச மாதிரி நாட்கள்ல, கரண்டும் இல்லாம டவரும் இல்லாம போன் வந்து வந்து போறப்போ, இந்த ரெண்டுமே நடக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அவசரச் செய்தி தேவைப்படுற நேரமும் அதுதான்.

வாங்குற போனும் ஒழுங்கா இருக்கணும். இன்னைக்கு ஸ்மார்ட்போன் எல்லாத் துண்டும் வர்ற வரைக்கும் காத்திருந்து ஒட்டித்தான் காட்டும். ஒரு துண்டு வரலைன்னா வந்த துண்டையும் காட்டாம வச்சிருக்கும். பழைய பட்டன் போன்ல சிம் கார்டு நினைவகம் பத்து இருபது செய்தியிலேயே நிரம்பிடும். முதல் துண்டு உள்ள, ரெண்டாவதுக்கு இடம் இல்லை.

அடையாள எண்லயும் ஒரு சிக்கல். அது ஒரே பைட், 256 எண்தான் இருக்கு. நம்மள மாதிரி ஆளுக்கு அது போதும். ஒரே பேர்ல நாள் முழுக்க ஆயிரக்கணக்கா அனுப்புற இடத்துல எண் சுத்திச் சுத்தி வரும். போன வாரம் பாதியில நின்ன செய்திக்கும் இன்னைக்கு வர்ற செய்திக்கும் ஒரே எண் விழுந்தா, போன் ரெண்டையும் ஒட்டிடலாம். பழைய தலை, புது வால். இதுக்கு 2 பைட் அடையாள எண் உள்ள இன்னொரு சீட்டு உண்டு. ஆனா அதுக்கும் விலை இருக்கு. தமிழ்ல 67 போய் 66 ஆகும்.

நம்ம ஆளுங்க இதையெல்லாம் படிச்சுட்டா முடிவெடுத்தாங்க? இல்லை. பில்லைப் பார்த்து எடுத்தாங்க. எஸ்எம்எஸ் பேக் போட்டு வாழ்ந்த காலம் ஞாபகம் இருக்கா? பொங்கல், தீபாவளி, புத்தாண்டு அன்னைக்கு மட்டும் பேக் செல்லாது, ஒவ்வொண்ணுக்கும் முழுக் காசு. அன்னைக்குத் தமிழ் எழுத்துல மூணு துண்டா வாழ்த்து அனுப்பினா மூணு காசு. போதாக்குறைக்கு எதிர்ப்பக்கம் கட்டம் கட்டமாத் தெரியும். `Pongal vazhthukkal`னு அடிச்சவனுக்குத் தமிழ்ப் பற்று குறைவுன்னு நான் நம்பல. அவன் 1120-ஐ 7-ஆல வகுத்தான், அவ்வளவுதான். 2005 பொங்கல் அன்னைக்கு மலேசியாவோட முரசு அஞ்சல் முத்து நெடுமாறன் 'செல்லினம்' செயலியை சிங்கப்பூர்லயும் மலேசியாவுலயும் வெளியிட்டார். தமிழ் எழுத்துலயே குறுஞ்செய்தி அனுப்ப முடிஞ்சது. போன் நிறுவனங்க செய்யாத வேலையை வெளியில இருந்து ஒருத்தர் செஞ்சார்.

எனக்கு ரொம்ப உறுத்துற பகுதி இனிமேதான். இந்த 70 பிரச்சினைக்குத் தரப் புத்தகத்துலயே தீர்வு எழுதியாச்சு. ஜி.எஸ்.எம். தரத்தைப் பிறகு ஏத்து நடத்துற 3ஜிபிபி, முதல்ல துருக்கி, ஸ்பானிஷ், போர்த்துகீசிய மொழிகளுக்கும், அதுக்கு அடுத்த வெளியீட்டுல பத்து இந்தியாவுல பேசுற மொழிகளுக்கும் தனி 7 பிட் பட்டியல் போட்டுக் கொடுத்துச்சு. தமிழுக்கும் உண்டு. எண் 11. செய்தியோட தலையில 4 பைட் போதும்:

```
03 25 01 0B
```

"இந்தச் செய்தியில ஐரோப்பியப் பட்டியலை எடுத்துட்டு 11-ம் எண் பட்டியலை வை"ன்னு அர்த்தம். `0B`ங்கிறது 11. அப்போ ஒரு எஸ்எம்எஸ்ல 155 தமிழ்க் குறி கொள்ளும். நம்ம 95 அப்படியே ஒரே துண்டுல போயிருக்கும், உடையவே உடையாது. ஆண்ட்ராய்டோட மூலநிரல்ல `GsmAlphabet.java`ன்னு ஒரு கோப்பு இருக்கு, திறந்து பாருங்க. அந்தத் தமிழ்ப் பட்டியல் உள்ள வரிசையா அடுக்கி வச்சிருக்கு.

அப்புறம் ஏன் வழக்கத்துல வரல? ஏன்னா அனுப்புறவருக்கு எதிர்ப்பக்கம் என்ன போன்னு தெரியாது. இந்தப் பட்டியல் தெரியாத போன் அந்த 4 பைட்டைக் கண்டுக்காம, பழைய ஐரோப்பியப் பட்டியலையே வச்சுப் படிக்கும். "நெல்" இருக்க வேண்டிய இடத்துல ஏதோ ரோமன் கிறுக்கல் வரும். யூசிஎஸ்-2 அனுப்பினா மோசமாப் போனா கட்டம் வரும், உடையும், ஆனா நிறைய போன்ல படிக்க முடியும். யாரு முதல்ல குதிக்கிறது? எல்லா போன்லயும் கட்டாயம்னு யாராவது சொன்னாத்தான் இந்த முடிச்சு அவிழும். துருக்கியில அரசுத் தரப்பு கட்டாயப்படுத்துச்சு. இந்தியாவும் பிற்பாடு ஒரு கட்டாயம் கொண்டு வந்தது. விக்கிற போன்ல 22 மொழியும் படிக்கிற மாதிரித் தெரியணும், இங்கிலீஷ், இந்தியோட இன்னொரு இந்திய மொழியில தட்டச்சு பண்ண முடியணும்னு. நல்ல விஷயம்தான், கட்டம் கட்டமாத் தெரிஞ்ச காலம் அதோட போச்சு. ஆனா திரையில தெரியறதும் 140 பைட்டுக்குள்ள அடங்குறதும் வேற வேற பிரச்சினை. முதலாவது தீர்ந்துச்சு. அதுக்குள்ள வாட்ஸ்அப் வந்ததால ரெண்டாவதைப் பத்திப் பேச ஆளில்லாமப் போச்சு.

ஆனா எஸ்எம்எஸ் ஒழியல. நெட் இல்லாத போனுக்கும் அது போகும். 2013 ஜூலை 15-லேருந்து இந்தியாவுல தந்தி சேவை நின்னுச்சு. மறுநாள், ஜூலை 16-ம் தேதி, விவசாயிகளுக்கு அவங்க மொழியில எஸ்எம்எஸ் அனுப்புற எம்-கிசான் தளத்தைக் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கி வச்சார். இப்படி மொத்தமா அனுப்புற இடத்துல கணக்கு துண்டுக்குத்தான். 10,000 பேருக்கு நம்ம செய்தியைத் தமிழ்ல அனுப்பினா 20,000 எஸ்எம்எஸ். ரோமன் எழுத்துல அனுப்பினா 10,000. பட்ஜெட் போடுறவர் எதைத் தேர்ந்தெடுப்பார்னு நீங்களே யோசிச்சுக்குங்க. அதைப் படிக்கத் தடுமாறுற பெரியவர் அந்தக் கணக்குல வரமாட்டார்.

பட்டியலும் சட்டமும் மாறுற வரைக்கும் செய்தி எழுதுறவர் கையில ஒண்ணு இருக்கு. முடிவை முன்னாடி கொண்டு வர்றது. பழைய தந்தி எழுதினவங்க செஞ்ச மாதிரி.

```
நாளை நெல் கொண்டு வர வேண்டாம். சாக்கு இல்லை. பட்டுக்கோட்டை நிலையம்.
```

எண்ணிப் பாருங்க, 66 குறி. ஒரே எஸ்எம்எஸ், தலைச்சீட்டு தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: சில பழைய விசைப்பலகைங்க 'கொ'வை ஒற்றைக்கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டு குறியாச் சேமிக்கும், 'கோ'வையும் அப்படித்தான். இந்தச் செய்தியில அது ரெண்டு இடத்துல வருது. அப்போ 68. அப்பவும் 70-க்குள்ளதான்.